பையில் என்ன இருக்கிறது என்று யாரிடம் கேட்பது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு பஸ் ஸ்டாப்பில் நேற்று சாயந்தரம் ஒரு ஸ்கூல் பை கிடந்தது. யாரும் வராததால் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்புப் புத்தகம் இருக்கிறது, லேபிளில் பேர் மட்டும் இருக்கிறது, போன் நம்பர் கண்ணில் படவில்லை. "உள்ளே என்ன இருக்கிறது என்று சரியாகச் சொல்பவர் வாங்கிக்கொள்ளலாம்" என்று போடலாம் என்றிருக்கிறேன். போட்டோ போடலாமா? யாராவது பொய் சொல்லி வாங்கிப் போய்விட்டால்? என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

பதில்:

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் பல வருடம் நடத்துநராக இருந்தேன். கடைசிச் சில வருடங்கள் நேரக் காப்பாளர் அறையில். பஸ்ஸிலும் ஸ்டாப்பிலும் கிடந்த பைகள் அந்த அறைக்குத்தான் வரும். குடை, டிபன் கேரியர், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை எல்லாம் வந்திருக்கின்றன. பிள்ளைகளின் ஸ்கூல் பை மட்டும் தனி ரகம், அதைத் திருப்பிக் கொடுக்கும் முறையும் தனி. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். பை உங்களிடம் இருக்கிறது, சரி. பிள்ளை வீடு போய்ச் சேர்ந்ததா? சாயந்தரம் கிடைத்த பை என்றால் அநேகமாகப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மறந்ததாகத்தான் இருக்கும். அதே பை காலை பத்து பதினொரு மணிக்கு ஆளில்லாமல் கிடந்திருந்தால் கதை வேறு. பை இல்லாமல் எந்தப் பிள்ளையும் வகுப்பில் போய் உட்காராது. ஆகவே கிடைத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த ஸ்டாப்புக்கு எதிரில் இருக்கும் கடைக்காரரிடம், "நேற்று இங்கே ஏதாவது பிள்ளை அழுதுகொண்டு நின்றதா, யாராவது தேடி வந்தார்களா" என்று கேளுங்கள். பிள்ளையைக் காணோம் என்று ஒரு சின்னப் பேச்சு காதில் விழுந்தாலும் பதிவு எழுதிக்கொண்டு நேரம் கடத்தாதீர்கள். 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டில் ஒன்றைக் கூப்பிட்டு, எந்த மாநிலம், எந்த ஊர், எத்தனை மணிக்குப் பை கிடைத்தது என்று சொல்லிவிடுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லை என்றால், இன்னொரு முறை பையைத் திறங்கள். தனியாகத் திறக்க வேண்டாம், வீட்டிலோ பக்கத்திலோ ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஒரு பட்டியல் எழுதுங்கள். "என் பிள்ளை ஃபீஸ் பணம் வைத்திருந்தான், காணோம்" என்று பிறகு ஒரு வார்த்தை வந்தால் இந்தப் பட்டியல்தான் உங்களுக்குத் துணை. போன் நம்பர் கண்ணில் படவில்லை என்கிறீர்கள். லேபிளில் இருக்காது. பள்ளி டைரியின் முதல் பக்கம் பாருங்கள், அப்புறம் கடைசிப் பக்கம். ஐடி கார்டை கழுத்தில் மாட்டப் பிடிக்காமல் கழற்றி முன் ஜிப்புக்குள் சுருட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் ஏராளம், அந்த அறையின் அடி மூலை வரை கை விட்டுத் துழாவுங்கள். டியூஷன் நோட்டில் டியூஷன் டீச்சரின் நம்பர் இருக்கும். பையின் உள்பக்க மடிப்பில் சில அம்மாக்கள் மார்க்கரால் எழுதியிருப்பார்கள். நம்பர் கிடைத்துவிட்டால் பதிவே தேவையில்லை, ஒரு போனில் முடிந்துவிடும். இன்ஹேலர், மருந்துப் பாட்டில் மாதிரி ஏதாவது இருந்தால் அன்றைக்கே பிள்ளை கைக்குப் போய்ச் சேர வேண்டும், பதிவு போட்டுக் காத்திருக்கும் சங்கதி இல்லை அது.

நம்பர் இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நம் எல்லைப் பக்கத்தில் இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கொழிஞ்சாம்பாறையில் கிடந்த பை கொழிஞ்சாம்பாறைப் பிள்ளையுடையது என்று நினைத்து அங்கேயே இரண்டு பள்ளியில் விசாரித்துவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். எல்லையிலுள்ள கோபாலபுரத்தைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் படிக்கப் போகும் பிள்ளை உண்டு, அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வரும் பிள்ளையும் உண்டு. புத்தகம் தமிழில் இருப்பதை வைத்து மட்டும் ஒன்றும் தீர்மானிக்க முடியாது. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலூகாவில் தமிழ் மீடியம் பள்ளிகள் இருப்பதால் கேரள அரசின் புத்தகமே தமிழில் வருகிறது. அட்டையையும் முதல் பக்கத்தையும் பாருங்கள். கேரளப் புத்தகமானால் கேரள அரசு என்று தமிழிலேயே அச்சாகியிருக்கும், பாடம் பகுதி 1, பகுதி 2 என்று பிரிந்திருக்கும். தமிழ்நாட்டுப் புத்தகம் ஐந்தாம் வகுப்புக்குப் பருவம் பருவமாக வரும், அட்டையிலேயே முதல் பருவமா இரண்டாம் பருவமா என்று போட்டிருக்கும். புத்தகத்துக்குப் பிரவுன் அட்டை போட்டு ஒட்டியிருந்தால் நோட்டுகளைப் பாருங்கள். பரீட்சைத் தேதி எழுதி வைத்திருக்கிற இடத்தில் "ஓணப் பரீட்சை" என்று இருந்தால் பள்ளி கேரளத்தில், "காலாண்டு" என்று இருந்தால் தமிழ்நாட்டில். ஐந்தாம் வகுப்பு என்பதற்கும் இங்கே இரண்டு அர்த்தம். தமிழ்நாட்டில் அது தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பு. கேரளத்தில் நாலோடு எல்பி எனும் கீழ்த் தொடக்கப் பள்ளி முடிந்து ஐந்தில் யுபி எனும் மேல் தொடக்கப் பள்ளி தொடங்குகிறது. எந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலில் போய் நிற்பது என்பது இதில்தான் இருக்கிறது.

மாநிலம் தெரிந்துவிட்டால், அந்தத் தடத்தில் ஐந்தாம் வகுப்பு உள்ள பள்ளிகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான் வரும். காலையில் ஆபீசுக்குப் போன் செய்து, "உங்கள் ஐந்தாம் வகுப்பில் யாராவது இன்றைக்குப் பை இல்லாமல் வந்திருக்கிறார்களா" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளையின் பேரை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்கள் சொல்லட்டும். நீங்கள் லேபிளில் பார்த்த பேரும் அவர்கள் சொல்லும் பேரும் ஒன்றானால் வேலை முடிந்தது.

இதிலும் கிடைக்கவில்லை என்றால் பதிவு போடுங்கள். போட்டோ வேண்டாம் என்பதுதான் என் பதில். அதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, நீங்கள் பயப்படுகிற அதே காரணம். ஸ்கூல் பையைத் திறந்து போட்டோ எடுத்துப் போட்டால் பதிலையும் சேர்த்துப் போட்டமாதிரி. வெளிப்பக்கம் மட்டும்தானே என்று நினைப்பீர்கள். அதில் தொங்கும் சாவிக்கொத்து, ஜிப்பில் குத்திய ஊக்கு, வாட்டர் பாட்டிலின் மூடி நிறம் எல்லாம் அடையாளம். அதைப் பார்த்தவர் அப்படியே ஒப்பிக்கலாம். தமிழ்நாட்டு அரசு இலவசமாகக் கொடுக்கும் பையாக இருந்தால் போட்டோவால் உருப்படியாக ஒரு பயனும் கிடையாது. பள்ளிக்குப் பள்ளி ஒரே பை. பார்க்கிற எல்லா அம்மாவுக்கும் தன் பிள்ளையின் பைமாதிரியேதான் தெரியும்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரிது. பழைய ஸ்கூல் பையைப் பொய் சொல்லி வாங்கிப் போய் யாருக்கு என்ன லாபம்? என் அனுபவத்தில் அந்த ஆசையோடு வந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் லேபிளையும் உள்ளே இருப்பதையும் போட்டோ எடுத்துப் போட்டால் ஒரு பிள்ளையின் பேர், வகுப்பு, பள்ளி, எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு நிற்கும் என்பது வரை ஊருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கும், "உன் பை கிடைத்துவிட்டது, வா" என்று சொன்னால் கூடவே நடக்கும். ஆகவே பேர், பள்ளி, வகுப்பு, ஸ்டாப்பின் சரியான இடம், இந்த நாலும் பதிவில் வரக்கூடாது. ஆணா பெண்ணா என்பதும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் செவ்வாய்க்கிழமை மாலை பள்ளிப் பிள்ளையின் பை ஒன்று கிடைத்துள்ளது. பத்திரமாக இருக்கிறது. பையைத் தொலைத்த பிள்ளையோடு பேசிய பிறகு ஒப்படைக்கப்படும். பையின் நிறம், பிள்ளையின் பேர், வகுப்பு, பையின் உள்ளே இருக்கும் அடையாளம் ஆகியவற்றை நீங்கள் சொல்ல வேண்டும். பொதுவில் எழுத வேண்டாம், இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்."

கிழமையை மட்டும் உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் கவலையில் இருக்கும் தகப்பன் எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே பிள்ளையின் பேர், பள்ளி எல்லாவற்றையும் எழுதிவிடுவார். இதையே ஒரு தாளில் பெரிதாக எழுதி ஸ்டாப்புக்கு எதிர்க்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் ஒட்டுங்கள். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பாட்டிமார் பலர் போனில் பதிவு பார்ப்பவர்கள் இல்லை. மலையாளம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அடியில் மலையாளத்திலும் எழுதி வாங்குங்கள். உங்கள் ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸின் நடத்துநரும் ஆட்டோக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் நாலு பேரிடம் சொல்வார்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். "உள்ளே என்ன இருக்கிறது" என்று கேட்டால் வரும் பதிலை நானே இப்போது சொல்லிவிடலாம்: புத்தகம், நோட்டு, டிபன் பாக்ஸ், வாட்டர் பாட்டில், ஜாமெட்ரி பாக்ஸ். ஐந்தாம் வகுப்புப் பையில் வேறு என்ன இருக்கும்? இந்தப் பதில் எல்லாப் பைக்கும் பொருந்தும், அதனால் எந்தப் பைக்கும் அடையாளமாகாது. அந்தப் பையில் மட்டும் இருக்கிற ஒன்றை நீங்கள் முதலில் கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் கேள்வி.

எப்படி என்று ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். சில வருடம் முன்பு, ஆடி மாதம், மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஒரு சாயந்தரம். கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டாப்பின் கல் பெஞ்சில் கிடந்தது என்று ஒரு பையை எங்கள் நடத்துநர் கொண்டு வந்து கொடுத்தார். தமிழ்நாட்டு இலவசப் பை, நீல நிறம். லேபிளில் மை கரைந்து பேர் அழிந்திருந்தது. நானும் அறையில் இருந்த இன்னொருவரும் எல்லாவற்றையும் மேஜை மேல் எடுத்து வைத்தோம். புத்தகம், நோட்டு, வழக்கமான சாமான். டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதி தக்காளிச் சாதம். அதைக் கொட்டிக் கழுவும்போது அடியில் வெட்டியிருந்த எழுத்தைப் பார்த்தேன். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுவது தெரியும்தானே. இரண்டு இனிஷியலும் ஒரு பெண் பேரும். பையனின் பேராக இருக்க வழியில்லை, கல்யாணச் சீரில் வந்த பாத்திரம் என்று பட்டது. பெரிய ஜிப்பின் ஓட்டி உடைந்து அங்கே ஊக்கு குத்தியிருந்தது. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் புக் கிரிக்கெட் ஆடிய கணக்கு, இரண்டு அணிக்கும் ரன் எழுதி, அவுட் ஆனதற்கெல்லாம் ஒரு குறுக்குக் கோடு. பக்க அறையில் ஒரு கோலிக்குண்டும், பேப்பரில் மடித்த புளியங்கொட்டையும்.

இந்த நாலில் ஊக்கை வெளியிலிருந்தே எவரும் பார்த்திருக்கலாம், அதைத் தள்ளிவிட்டேன். மீதி மூன்றையும் ஒருவரிடமும் சொல்லவில்லை. பை கொண்டு வந்த நடத்துநருக்கே தெரியாது. தகவல் மட்டும் பஸ்காரர்கள் வழியாகத் தடம் முழுக்கப் போயிற்று.

மறுநாள் காலையில் ஒரு அம்மா வந்தார்கள். "ஏனுங்க, எம்பையன் பை கெடச்சுதாமுங்களே" என்று கேட்டபடியே உள்ளே வந்தார்கள். நிறம் சொன்னார்கள், நீலம். வகுப்பும் சரி. உள்ளே என்ன என்றேன். புத்தகம், டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில். எல்லாம் சரி. டிபன் பாக்ஸ் எப்படி இருக்கும் என்றேன். பிளாஸ்டிக், சிவப்பு மூடி என்றார்கள். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அதே வாரம் அவர்கள் பையனும் அதேமாதிரி ஒரு பையைத் தொலைத்திருந்தான். அவர்களிடம், "இது வேற பைங்கம்மா, உங்க பை எப்படி இருக்கும்னு முழுசாச் சொல்லுங்க, எழுதி வைக்கிறேன்" என்றேன். சிவப்பு மூடி டிபன் பாக்ஸ், பையனின் பேர், போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். தவறாகச் சொல்லி வருபவர் அநேகமாக இந்த அம்மா மாதிரிதான் இருப்பார்கள். அவர்களைத் திருடர்மாதிரி விசாரிக்காதீர்கள். எங்கே தவறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டாம். "டிபன் பாக்ஸ் தப்பு" என்று சொன்னால் அடுத்து வருபவர் காதுக்கு அது போய்விடும்.

மத்தியானம் ஒரு பாட்டி வந்தார். பாட்டிக்கு ஒன்றுமே தெரியவில்லை. பை நீலமா பச்சையா என்பதில்கூடச் சந்தேகம். "நா எங்க சாமி அவன் பையத் தொறந்து பாத்தேன்" என்றார். இங்கேதான் அனுபவம் இல்லாதவர் தவறுவார்கள். பதில் சொன்ன அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, பதில் சொல்லாத பாட்டியை அனுப்பிவிடுவார்கள். பிள்ளையின் பையில் என்ன இருக்கிறது என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாது. காலையில் டிபன் பாக்ஸை வைத்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே பாட்டியிடம் இரண்டே கேள்வி கேட்டேன். நேற்று என்ன சோறு கட்டிக் கொடுத்தீர்கள்? தக்காளிச் சாதம் என்றார். டிபன் பாக்ஸ் எவர்சில்வரா பிளாஸ்டிக்கா? எவர்சில்வர். "அதில் பேர் ஏதாவது வெட்டியிருக்குங்களா" என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார், எந்த வீட்டிலும் எவர்சில்வரில் பேர் இருக்கும். "அந்தப் பாத்திரம் ஏதுங்க" என்று மட்டும் கேட்டேன். "அவங்கத்த கல்யாணத்துல குடுத்ததுங்க" என்று சொல்லி, அந்த அத்தையின் பேரையும் தானாகச் சொன்னார். வெட்டியிருந்த பேர் அதுதான்.

அதோடு கொடுத்திருக்கலாம். ஆனாலும் பையனைக் கூட்டி வரச் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தான். பாட்டி சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றான், திட்டுவோம் என்ற பயம். பிள்ளையிடம் பரீட்சைமாதிரி கேட்கக்கூடாது. "கண்ணு, உன் ரஃப் நோட்டு கடைசிப் பக்கத்துல என்ன இருக்கு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். வகுப்பில் புக் கிரிக்கெட் ஆடியது தெரிந்துவிட்டது என்று நினைத்திருப்பான். "நா டீச்சர்கிட்டச் சொல்லமாட்டேன்" என்றதும்தான் வாய் திறந்தான். யார் யார் ஆடினார்கள், யார் ஜெயித்தது வரை சொல்லிவிட்டான். கோலிக்குண்டின் நிறத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டான். பை கொடுத்ததும் முதலில் பக்க அறையைத்தான் தொட்டுப் பார்த்தான்.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள். பெரியவரிடம் கேட்பது வீட்டிலிருந்து பைக்குள் போன பொருளைப் பற்றி: என்ன சோறு, எந்த டிபன் பாக்ஸ், நோட்டுக்கு அட்டை போட்டது யார், எந்த நிறம். பிள்ளையிடம் கேட்பது பைக்குள்ளேயே பிள்ளை சேர்த்து வைத்ததைப் பற்றி: கடைசிப் பக்கம், பென்சில் டப்பாவின் மூடியில் ஒட்டியது, பக்க அறை. "நீல டிபன் பாக்ஸா" என்று பதிலைச் சேர்த்துக் கேட்காதீர்கள், "எப்படி இருக்கும்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வர வேண்டும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பிள்ளைகளுக்கு எத்தனை நோட்டு என்று தெரியாது, புத்தகம் எல்லாம் இருந்ததா என்றால் குழம்பிவிடும். பொதுவாகக் கேட்டால் தடுமாறும் பிள்ளை, குறிப்பான ஒன்றைக் கேட்டால் படம் வரைந்தே காட்டிவிடும். வார்த்தையையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஜாமெட்ரி பாக்ஸ் என்பதைக் கேரளப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இன்ஸ்ட்ருமென்ட் பாக்ஸ் என்று சொல்லலாம், இரண்டும் ஒன்றுதான்.

எங்கே தொலைத்தாய் என்ற கேள்வியை மட்டும் வைத்து யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். நான் முதலில் செய்த தவறு அது. நம் பஸ்ஸில் நிற்கும் பிள்ளை, உட்கார்ந்திருப்பவரின் மடியில் பையைக் கொடுத்துவிடும். கூட்டத்தில் இறங்கும்போது பையை வாங்க மறந்துவிடும். மடியில் வைத்திருந்தவர் தன் ஊர் வந்ததும் திடுக்கிட்டு, நடத்துநரிடம் கொடுக்கவும் நேரமில்லாமல், அந்த ஸ்டாப்பிலேயே பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதனால் பை கிடைத்த ஸ்டாப் வேறு, பிள்ளையின் ஸ்டாப் வேறு. ஒரு தடவை ஒரு தகப்பன் "நாட்டுக்கல்லில் இறங்கினாள்" என்றார். பை கிடைத்ததோ அதைத் தாண்டி வேறொரு ஊரில். இடம் பொருந்தவில்லையே என்று அவரை இரண்டு நாள் அலைய விட்டேன். அந்தப் பெண் பிள்ளை அந்த இரண்டு நாளும் நோட்டு இல்லாமல் வகுப்பில் நின்றிருக்கிறாள். இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தம்தான். ஸ்டாப்பின் பேரைப் பதிவில் மறைக்கச் சொன்னேனே, அது பிள்ளையின் பாதுகாப்புக்கு. சோதிக்கும் கேள்வியாக அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கொடுப்பது பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் இருக்கட்டும். பள்ளி ஆபீஸ் இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை, ஆசிரியருக்குப் பிள்ளையையும் வீட்டாரையும் தெரியும். உங்கள் வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டாம், நீங்களும் அவர்கள் வீட்டு விலாசம் கேட்க வேண்டாம். பிள்ளையைத் தனியாக வரச் சொல்லவே கூடாது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்து, அதன் அடியில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டிபன் பாக்ஸை நேற்றே கழுவியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இப்போதே கழுவிவிடுங்கள், இன்னும் ஒரு நாள் விட்டால் நாற்றம் புத்தகத்துக்கு ஏறிவிடும், பிறகு போகாது. ஈர நோட்டு இருந்தால் பக்கத்தைப் பிரித்து நிழலில் காய வையுங்கள்.

வீட்டுக்கு எடுத்து வந்ததில் சட்டப்படி ஏதாவது வில்லங்கம் வருமோ என்று சிலர் பயப்படுவார்கள், உங்களுக்கும் அது இருக்கலாம். வராது. உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்று எடுத்து வைத்திருப்பது குற்றம் கிடையாது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 71, கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் அதைப் பிறர் பொருளை ஒப்படைப்பாக வாங்கியவர்மாதிரிக் காக்க வேண்டும் என்கிறது, அதாவது சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாக வைத்திருப்பாரோ அவ்வளவு. உரியவரைத் தேடாமலேயே, அல்லது யார் என்று தெரிந்தும், நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொண்டால்தான் அது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 314இன் கீழ் குற்றமாகும். நீங்கள் எழுதிய பட்டியலும் ஒட்டிய தாளும் தேடியதற்குச் சாட்சி. பள்ளிகளில் விசாரித்தும், பதிவு போட்டும் ஒரு வாரத்தில் ஒருவரும் வரவில்லை என்றால் அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் பட்டியலின் நகலோடு ஒப்படைத்து, வாங்கிக்கொண்டதற்கு எழுதி வாங்கிவிடுங்கள். பை கிடந்தது கேரளப் பக்கம் என்பதால் கேரளக் காவல் நிலையம். பிள்ளையின் பள்ளி அந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தால் அதையும் சொல்லி எழுத வையுங்கள்.

பை போய்ச் சேர்ந்ததும் பதிவிலும் ஒட்டிய தாளிலும் "உரியவரிடம் சேர்ந்தது" என்று எழுதிவிடுங்கள். வந்து ஏமாந்து போனவர்களின் நம்பரை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் வைத்தேன் என்றேனே, நாலு நாள் கழித்து வேறொரு பஸ்ஸின் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நீலப் பை வந்தது. திறந்ததும் மேலேயே இருந்தது சிவப்பு மூடி டிபன் பாக்ஸ். தாளை எடுத்துப் பார்த்து நானே போன் செய்தேன். "டிபன் பாக்ஸைக் கழுவி வச்சிருக்கேனுங்க, பையனக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.